எழுபது இடத்துக்குள் ஓர் எச்சரிக்கை

2023ஆம் ஆண்டு டிசம்பர் 26. நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால். எண்ணூர்க் கடற்கரையில் பெரியகுப்பம், சின்னகுப்பம் போன்ற மீனவர் குடியிருப்புகளில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மூக்கைத் துளைக்கும் நெடியால் எழுந்தார்கள். கண் எரிந்தது, தொண்டை எரிந்தது, மூச்சு முட்டியது. கப்பலிலிருந்து கரையில் இருக்கும் உர ஆலைக்குத் திரவ அம்மோனியாவைக் கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். ஆலை வாசலில் காற்றை அளந்த தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், கன மீட்டருக்கு 400 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டிய அம்மோனியா 2090 இருந்ததாகச் சொன்னது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் இருட்டில் தெருவுக்கு வந்தார்கள். எந்தப் பக்கம் போவது என்பதுதான் அப்போது முதல் கேள்வி.

இந்த மாதிரி ஓர் இரவுக்காக, முன்கூட்டியே ஒரு குறுஞ்செய்தி எழுதி வைக்கும் வேலை ஒருவரிடம் கொடுக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். எண்ணூர்க்காரர். கல்லூரியில் படிக்கிறார். தமிழ் நன்றாக எழுதுவார். அவர் எழுதிய முதல் வரைவு இது:

```
அன்பார்ந்த பொதுமக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. எண்ணூர் பெரியகுப்பம் கடற்கரை அருகே அம்மோனியா வாயுக் கசிவு ஏற்பட்டுள்ளதாகத் தெரிய வருகிறது. ஆகவே பொதுமக்கள் யாரும் பதற்றமடையாமல், மூக்கையும் வாயையும் ஈரத்துணியால் மூடிக்கொண்டு, உடனடியாக எண்ணூர் ரயில் நிலையத்துக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். கடற்கரைப் பக்கம் யாரும் செல்ல வேண்டாம். கண் எரிச்சல் இருந்தால் தண்ணீரில் கழுவவும். மூச்சுத் திணறல் இருந்தால் 108 அழைக்கவும்.
```

படிக்க ஒரு குறையும் இல்லை. நோட்டீஸ் போர்டில் ஒட்டலாம், ஒலிபெருக்கியில் வாசிக்கலாம். குறுஞ்செய்தியாக அனுப்பத்தான் முடியாது. முடியாது என்றால், போகும், ஆனால் ஏழு துண்டாகப் போகும். ஏன் ஏழு என்று பார்த்துவிட்டு மேலே போகலாம்.

160 எப்படி 70 ஆனது?

ஒரு குறுஞ்செய்திக்குள் இருக்கும் இடம் 140 பைட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 7 பிட் போதும் என்று அதை வடிவமைத்தவர்கள் முடிவு செய்ததால் 160 எழுத்து கொள்ளும். அந்த 160ஐ 1980களில் முன்வைத்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லபிராண்ட். தட்டச்சுப் பொறியில் சாதாரண வாக்கியங்களை அடித்து எண்ணிப் பார்த்தார், பெரும்பாலும் 160க்குள் அடங்கின. அவர் எண்ணியவற்றில் தமிழ் இல்லை.

தமிழ் எழுத்து அந்த 7 பிட் அட்டவணையில் இல்லாததால், செய்தியில் ஒரே ஒரு தமிழ் எழுத்து வந்தாலும் முழுச் செய்தியும் எழுத்துக்கு 2 பைட் என்ற முறைக்கு மாறிவிடும். 140ஐ இரண்டால் வகுத்தால் 70. செய்தி நீண்டு பல துண்டானால், எந்தத் துண்டு எத்தனையாவது என்று குறிக்க ஒவ்வொன்றிலும் 6 பைட் போய்விடும். அப்போது துண்டுக்கு 67தான்.

அடுத்த அடி இன்னும் வலிக்கும். அந்த 70 என்பது நாம் அரிச்சுவடியில் எண்ணும் எழுத்துக் கணக்கு இல்லை. 'க' ஓர் இடம். 'கி' இரண்டு இடம், ஏனென்றால் ககரம் ஒன்று, கொக்கி ஒன்று. 'க்' கூட இரண்டு, புள்ளிக்குத் தனி இடம். 'எண்ணூர்' நமக்கு நாலு எழுத்து, கைப்பேசிக்கு ஏழு இடம். 'திருவொற்றியூர்' நமக்கு ஏழு, கைப்பேசிக்குப் பதினாலு. ஆகவே இனி இந்தக் கட்டுரையில் 'எழுத்து' என்று சொல்லாமல் 'இடம்' என்றே சொல்லலாம், குழப்பம் வராது.

மேலே உள்ள வரைவை எண்ணினால் 428 இடம். 67ஆல் வகுத்தால் ஏழு துண்டு. இப்போது அந்த ஏழையும் பிரித்துப் பாருங்கள். முதல் துண்டு 'எண்ணூர் பெரியகுப்ப' என்பதோடு முடிந்துவிடுகிறது. 'ம்' அடுத்த துண்டில். அதாவது முதல் துண்டில் வாயுவும் இல்லை, கசிவும் இல்லை. அன்பும் முக்கிய அறிவிப்பும் மட்டும் இருக்கின்றன. அம்மோனியா இரண்டாம் துண்டில். எங்கே போக வேண்டும் என்பது நாலாம் துண்டில். 108 ஏழாம் துண்டில். எல்லாத் துண்டும் வந்து சேர்ந்தால் கைப்பேசி ஒட்டிக் காட்டும். நெரிசலான நேரத்தில் ஒன்று தாமதமானால் சில கைப்பேசிகள் மீதி வரும்வரை எதையுமே காட்டாது, சில அரைகுறையாகக் காட்டும். நாலாம் துண்டு வராத வீட்டில் எங்கே போவது என்று யாருக்கும் தெரியாது.

எனவே முடிவு: ஒட்டித் தைக்க வேண்டிய ஏழு துண்டு வேண்டாம். தனித்தனியாகவே பொருள் தரும் இரண்டு செய்தி. ஒவ்வொன்றும் 70 இடத்துக்குள். முதலாவது மட்டும் வந்தாலும் உயிர் தப்பப் போதுமானதாக இருக்க வேண்டும்.

எதை வெட்டுவது?

முதலில் சுலபமானவை. 'அன்பார்ந்த பொதுமக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு.' 48 இடம். படிப்பவர் இதைக் கேட்டு ஒன்றும் செய்யப்போவதில்லை, போகட்டும். 'செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' 38 இடம். அதன் வேலையை 'போங்க' ஐந்தே இடத்தில் செய்துவிடும், மரியாதையும் குறையாது. 'பதற்றமடையாமல்' என்று படித்துப் பதற்றம் குறைந்தவர் யாரும் இல்லை. எங்கே போக வேண்டும் என்று தெரிந்தால் பதற்றம் தானே கொஞ்சம் குறையும்.

'ஏற்பட்டுள்ளதாகத் தெரிய வருகிறது' என்பது 31 இடம். இதை வெட்டும்போது மட்டும் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். 'தெரிய வருகிறது' வெறும் அலங்காரமாகவும் இருக்கலாம், 'இன்னும் உறுதியாகவில்லை' என்ற தகவலாகவும் இருக்கலாம். உறுதியாகவில்லை என்றால் செய்தியே அனுப்பக் கூடாது, அல்லது சந்தேகம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். உறுதி என்றால் 'கசிவு' என்ற ஒரே சொல் போதும். யார் சொல்கிறார்கள் என்பதை அனுப்புநர் பெயர் காட்டும். அது 140 பைட்டுக்கு வெளியே தனியாகப் போவதால் இடத்தைத் தின்னாது.

அதற்குப் பிறகுதான் உண்மையான சிக்கல். வெட்டத் தூண்டும் சொற்கள் சில உண்டு. அவற்றை வெட்டினால் செய்தி சுருங்குவதோடு நில்லாது, வேறு செய்தியாகவே மாறிவிடும். நம் எண்ணூர்க்காரர் இந்த வரைவில் மூன்று இடத்தில் மாட்டிக்கொண்டார்.

முதலாவது, அம்மோனியா. ஒன்பது இடம். 'வாயு' என்று போட்டால் நாலு இடம்தான், ஐந்து மிச்சம். போட்டுப் பார்த்தார். வீட்டில் காட்டினார். படித்தவுடன் வீட்டில் இருந்தவர்கள் சமையலறைக்குப் போய் சிலிண்டரைப் பார்த்தார்கள். நம் ஊரில் வாயுக் கசிவு, கேஸ் லீக் என்றால் சிலிண்டர்தான் நினைவுக்கு வரும். சிலிண்டர் கசிந்தால் கற்றுக்கொடுத்த பாடம் என்ன? ஜன்னலைத் திற. வெளியே அம்மோனியா நிற்கும் இரவில் ஜன்னலைத் திறப்பதைவிடக் கெட்ட காரியம் கிடையாது. ஐந்து இடம் மிச்சம் பிடிக்கப் போய் நேர் எதிரான கட்டளை கொடுத்தாகிவிட்டது. அம்மோனியா அப்படியே இருந்தது.

இரண்டாவது, ரயில் நிலையம். இடைவெளியோடு 13 இடம். 'ஸ்டேஷன்' என்றால் ஏழு. பேச்சில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் 'ஸ்டேஷனுக்குப் போங்க' என்று மொட்டையாகச் சொன்னால் வடசென்னையில் மட்டும் இல்லை, தமிழ்நாட்டில் எங்கும் அது போலீஸ் ஸ்டேஷன். ரயில் என்ற சொல் போகக் கூடாது. ஊர்ப் பெயரும் போகக் கூடாது, ஏனென்றால் அந்த ரயில் பாதையில் எண்ணூருக்கு முந்தின நிறுத்தம் கத்திவாக்கம். பாதிப் பேர் அங்கே, பாதிப் பேர் இங்கே என்றால் ஆம்புலன்ஸ் எங்கே நிற்கும்? 'எண்ணூர்' இருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. இந்தச் செய்தி கையெழுத்துப் பிரதி போல ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகும். காசிமேட்டில் ஒருவர் படிக்கும்போது இது தன் கரை இல்லை, எண்ணூர்க் கரை என்று அவருக்குப் புரிய வேண்டும். போக வேண்டிய இடத்தின் பெயரே அந்த வேலையையும் செய்துவிடுவதால், கசிந்த இடத்தைத் தனியாக 'எண்ணூர் பெரியகுப்பம் கடற்கரை அருகே' என்று சொல்ல வேண்டியதில்லை. 'கரையில' போதும்.

மூன்றாவது, திசை. பாதுகாப்புக் கையேடுகளில் 'காற்று வீசும் திசைக்கு எதிராகச் செல்லவும்' என்று ஒரு வரி வரும். சுருக்கமாக இருக்கிறதே, இடப்பெயரே வேண்டாமே என்று தோன்றும். டிசம்பரில் எண்ணூரில் வாடைக்காற்று. வடகிழக்கிலிருந்து, கடல் பக்கத்திலிருந்து கரைக்கு வீசும். கசிவும் கடல் பக்கம். காற்றுக்கு எதிராக ஓடினால் நேராகக் கசிவை நோக்கித்தான் ஓட வேண்டும்! அந்த வரி கசிவுக்கு அருகில் இருப்பவருக்கு ஒரு பொருள், காற்று போகும் வழியில் தள்ளி நிற்பவருக்கு இன்னொரு பொருள். இரண்டாமவர் காற்றைக் குறுக்கே கடந்து பக்கவாட்டில் விலக வேண்டும். இதை 70 இடத்தில் விளக்க முடியாது. நள்ளிரவில் யாரும் துணியைத் தூக்கிக் காற்றின் திசை பார்க்கவும் மாட்டார்கள். அந்தக் கணக்கை அனுப்புபவர் போட்டுவிட்டு, விடையை மட்டும் ஓர் இடப்பெயராகச் சொல்ல வேண்டும். இங்கே உதாரணத்துக்கு எண்ணூர் ரயில் நிலையம். அன்றைய காற்றைப் பார்த்து அது வேறாகலாம். சில சமயம் 'வெளியே வராதீங்க, கதவு ஜன்னலை மூடுங்க' என்பதே சரியான விடையாக இருக்கும். அதைக் களத்தில் இருப்பவர்தான் தீர்மானிக்க வேண்டும். இரண்டையும் ஒரே செய்தியில் போடக் கூடாது என்பது மட்டும் எழுதுபவர் தெரிந்துவைத்திருக்க வேண்டியது.

71

இத்தனைக்கும் பிறகு அவர் கையில் நின்றது இது:

```
கரையில் அம்மோனியா கசிவு. மூக்கில் ஈரத்துணி. எண்ணூர் ரயில் நிலையம் போங்க
```

எண்ணினார். 71. ஓர் இடம் கூடுதல். அந்த ஒன்றுக்காகச் செய்தி 67 ஆகவும் 4 ஆகவும் இரண்டு துண்டாகும். இரண்டாவது துண்டில் தொங்குவது 'ங்க' மட்டும், அதற்கு முன்னால் 'போ'விலிருந்து பிரிந்த ஒரு துணைக்குறி.

என்ன செய்யலாம்? இங்கேதான் எழுத்துத் தமிழுக்குப் பதில் பேச்சுத் தமிழ் கைகொடுத்தது. 'கரையில்' என்று யார் பேசுகிறார்கள்? 'கரையில' என்றால் ஒரு புள்ளி மிச்சம். 'மூக்கில' என்றால் இன்னொரு புள்ளி. 69 ஆயிற்று. கடைசியில் ஒரு முற்றுப்புள்ளி வைத்தால் சரியாக 70.

```
கரையில அம்மோனியா கசிவு. மூக்கில ஈரத்துணி. எண்ணூர் ரயில் நிலையம் போங்க.
```

பேச்சு வழக்கில் எழுதியதால் வேறொரு நன்மையும் கிடைத்தது. படிக்கத் தெரியாத பாட்டிக்குப் பேரன் வாசித்துக் காட்டும்போது மொழிபெயர்க்க வேண்டியதில்லை, அப்படியே சொன்னால் போதும். வாயைப் பற்றிச் சொல்லவில்லையே என்றால், மூக்கில் துணியைக் கட்டும்போது வாயும் சேர்ந்து மூடிக்கொள்ளும். அது படிப்பவர் கை தானாகச் செய்யும் வேலை. ஈரம் என்பதை மட்டும் விட முடியாது. அம்மோனியா தண்ணீரில் சுலபமாகக் கரையும், காய்ந்த துணியால் அந்த அளவுக்குப் பயன் இல்லை.

இரண்டாவது செய்தியை இதே முறையில் எழுதினார்:

```
26/12 கரைப் பக்கம் போகாதீங்க. கண் எரிஞ்சா கழுவுங்க. மூச்சு திணறினா 108
```

இதுவும் 70. 'தண்ணியில கழுவுங்க' என்று முதலில் இருந்தது. கண்ணை வேறெதில் கழுவப்போகிறார்கள் என்று 'தண்ணியில' போயிற்று. அந்த இடத்தில் தேதி வந்தது. 'இன்று இரவு' என்று ஏன் எழுதவில்லை? 11.50க்கு அனுப்பியதை 12.10க்குப் படிப்பவருக்கு 'இன்று' எது? நாலு நாள் கழித்து யாரோ மறுபடி அனுப்பிவிட்டால் 'இன்று' என்பது எது? தேதி இருந்தால் பழைய செய்தி என்று பார்த்தவுடன் தெரியும். இல்லையென்றால் ஓர் ஊரே இரண்டாம் முறை வீணாக ஓடும், மூன்றாம் முறை உண்மையாகவே வரும்போது ஓடாது.

கண்ணுக்குத் தெரியாத 72

செய்தியை ஒரு நண்பரின் கணினியில் ஒட்டி அனுப்பிப் பார்த்தபோது முதல் செய்தி இரண்டு துண்டாகப் போனது. எழுத்துக்கு எழுத்து அதே செய்தி! காரணம் 'மோ'வும் 'போ'வும். ஓகார உயிர்மெய்யை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். மகரமும் ஓகாரக் குறி ஒன்றுமாக இரண்டு இடத்தில் வைக்கலாம். அல்லது மகரம், இரட்டைக் கொம்பு, கால் என்று உடைத்து மூன்று இடத்தில் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அம்மோனியாவில் ஒன்று, போங்கவில் ஒன்று, மொத்தம் 72. அந்த நண்பரின் மென்பொருள் உடைத்துச் சேமிக்கிற ரகம். ஒகர, ஒளகார வரிசைகளுக்கும் இதே கதிதான்.

தீர்வு சுலபம். எண்ணுவதற்கு முன் சேர்த்துவிட வேண்டும். பைத்தானில் மூன்றே வரி:

```
import unicodedata
s = unicodedata.normalize("NFC", s)
print(len(s))
```

சேர்த்த செய்தியையே அனுப்பவும் வேண்டும். எண்ணியது ஒன்று, அனுப்பியது ஒன்று என்று ஆகிவிடக் கூடாது.

ஆங்கிலத்துக்கு மாற்றும்போது

எண்ணூர், மணலி, திருவொற்றியூர் ஆலைகளிலும் துறைமுகத்திலும் தமிழ் படிக்கத் தெரியாதவர்கள் நிறைய வேலை செய்கிறார்கள். ஆகவே ஆங்கிலத்தில் ஒன்று வேண்டும். (இந்தியிலும் வேண்டும். தேவநாகரிக்கும் கணக்கு தமிழைப் போலவே 70தான்.) ஆங்கிலத்தில் 160 இடம் இருப்பதால் இரண்டு தமிழ்ச் செய்தியையும் ஒன்றாக்கிவிடலாம்.

தமிழையே ஆங்கில எழுத்தில் அடித்தால் 160 கிடைக்குமே என்று சிலர் கேட்கலாம். அது தமிழ் படிக்கத் தெரியாதவருக்கு உதவாது, தமிழ் தெரிந்தவரையும் தடுமாற வைக்கும். 'கரை'யும் 'கறை'யும் அதில் ஒன்றாகிவிடும். ஆளுக்கு ஒரு விதமாக எழுதுவார்கள், படிக்கும்போது ஒரு நொடி நின்று கூட்டிப் படிக்க வேண்டும்.

மொழிபெயர்க்கும்போது செய்யக் கூடாதது, சுருக்கிய தமிழிலிருந்து மொழிபெயர்ப்பது. 'கரையில' என்றால் எண்ணூர் மீனவருக்குக் கடற்கரை, சந்தேகமே இல்லை. வெளியூர்க்காரருக்கு அது கொசஸ்தலையாற்றின் கரையாகவும் இருக்கலாம். அந்த ஆறு கடலில் சேருவதும் எண்ணூரில்தானே. தமிழில் ஊர்க்காரர்கள் தாங்களே நிரப்பிக்கொள்வார்கள் என்று நம்பி விட்டுவைத்த இடங்களை, ஆங்கிலத்தில் நிரப்பியாக வேண்டும். ஆகவே 428 இடம் கொண்ட அந்த முதல் வரைவுக்கே திரும்பிப் போய், அங்கிருந்து மொழிபெயர்த்து, பிறகு வெட்ட வேண்டும். அவர் எழுதியது:

```
Ammonia leak, Periyakuppam shore. Wet cloth on nose. Go to Ennore railway station, not the beach. Eyes burn: wash with water. Breathless: 108. 26/12 11.50pm
```

156 இடம். தமிழில் போன பெரியகுப்பமும் தண்ணீரும் இங்கே திரும்பி வந்துவிட்டன, மணியும் சேர்ந்துகொண்டது. மூச்சுத் திணறலுக்கு முதலில் மூன்று சொல் போட்டிருந்தார், அப்போது 161 ஆனது. ஒரே சொல்லாக்கியதும் அடங்கியது. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சொற்செயலியிலிருந்து எடுத்து ஒட்டும்போது வளைந்த மேற்கோள் குறியோ நீண்ட கோடோ ஒன்று கலந்துவிட்டாலும் போதும். அது 7 பிட் அட்டவணையில் இல்லாததால் முழு ஆங்கிலச் செய்தியும் 70 கணக்குக்கு மாறி, 156 இடம் மூன்று துண்டாகிவிடும்.

சரியாக வந்ததா என்று எப்படித் தெரியும்?

எழுதியவரால் இதைச் சொல்ல முடியாது, அவருக்குத்தான் எல்லாம் முன்பே தெரியுமே. செய்தியை முன்பு பார்க்காத ஒருவரிடம் பத்து நொடி காட்டிவிட்டுக் கைப்பேசியை வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு நாலு கேள்வி. என்ன ஆச்சு? எங்கே போவீங்க? எங்கே போகக் கூடாது? யாரைக் கூப்பிடுவீங்க? 'ஸ்டேஷன்' விஷயமும் சிலிண்டர் விஷயமும் இப்படித்தான் வெளியே வந்தன. ஆங்கிலத்துக்கு, அதைப் படித்த ஒருவரைத் தமிழில் திரும்பச் சொல்லச் சொல்லி முதல் வரைவோடு ஒப்பிட வேண்டும்.

மொத்தமாகப் பலருக்கு அனுப்புவதென்றால் இந்தியாவில் செய்தியின் வார்ப்பை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். இடப்பெயர், தேதி போல மாறக்கூடியவற்றுக்கு மட்டும் காலி இடம் விடலாம். நம்மவர் அதில் 'எண்ணூர்' இருந்த இடத்தில் 'திருவொற்றியூர்' போட்டுப் பார்த்தார். ஏழு இடம் பதினாலாகி, 70 இடத்தில் கச்சிதமாக நின்ற செய்தி 77 ஆகிவிட்டது. ஆகவே வார்ப்பை எண்ணும்போது, வரக்கூடிய ஊர்ப் பெயர்களிலேயே நீளமானதைப் போட்டுத்தான் எண்ண வேண்டும். ராயபுரமும் காசிமேடும் எட்டு எட்டு இடம், கடைசி முற்றுப்புள்ளியை விட்டால் 70க்குள் அடங்கிவிடும். திருவொற்றியூருக்கு என்று சொற்களைக் குறைத்துத் தனி வார்ப்பு வைத்துக்கொள்வதே நல்லது.

குறுஞ்செய்திக்கும் எல்லை உண்டு. இரவில் ஒலி அடங்கிய கைப்பேசியில் அது சத்தம் இல்லாமல் வந்து கிடக்கும். ஒவ்வொரு எண்ணுக்கும் வரிசையில் போவதால் நேரமும் ஆகும். 2023இல் நாடெங்கும் சோதித்துப் பார்த்த செல் ஒளிபரப்பு முறை அப்படி இல்லை. ஒரு கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் எல்லாக் கைப்பேசியிலும் ஒரே நேரத்தில், தனி ஒலியோடு வரும். எண் தெரிந்திருக்க வேண்டியதில்லை. 70ஐ விட நீளமாகவும் எழுதலாம். ஆனால் தூக்கக் கலக்கத்தில் திரையைப் பார்ப்பவர் படிப்பது முதல் இரண்டு வரியைத்தான். அந்த இரண்டு வரியில் அன்பார்ந்த பொதுமக்கள் இருந்தால் அங்கேயும் இதே கதைதான்.

நம் எண்ணூர்க்காரர் கடைசியில் இரண்டு தமிழ்ச் செய்தியையும் ஓர் ஆங்கிலச் செய்தியையும் எழுதி முடித்தபோது, அந்த 428 இட வரைவையும் அழிக்காமல் ஒரே கோப்பில் சேர்த்து வைத்தார். அடுத்து இந்திக்கு மாற்றப் போகிறவருக்கு அதுதான் வேண்டும்.